இரண்டாவது சாவி இல்லையென்றால் இழப்பீடு இல்லையா?

"ரெண்டு சாவியும் இருந்தாத்தான் க்ளெய்ம் வரும், ஒண்ணு குறைஞ்சாலும் பைசா பேராது." டூவீலரைத் திருட்டில் பறிகொடுத்த யாரும் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஷோரூமில் பாலிசி போட்டுக் கொடுத்தவர் சொல்கிறார். ஏஜென்ட் சொல்கிறார். விசாரிக்க வரும் இன்வெஸ்டிகேட்டர் அதையே கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார். கடைசியில் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது: வண்டியின் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் ஏழு நாளுக்குள் ஒப்படைக்கவும், தவறினால் உங்கள் கோப்பு மூடப்படும். வீட்டில் இருப்பதோ ஒரே சாவி. இன்னொன்று எப்போதோ தொலைந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். தப்பு தங்கள் மேல்தான் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

அப்படி விடவே கூடாது. இரண்டு சாவி கேட்பது நிறுவனத்தின் விசாரணையில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு. ஆனால் ஒரு சாவி இல்லை என்பது மட்டுமே இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. பாலிசி அப்படிச் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. நடைமுறை அறிவும் அதை ஏற்காது.

முதலில் பாலிசியையே எடுத்துப் படிப்போம். இந்தியாவில் விற்கப்படும் டூவீலர் பேக்கேஜ் பாலிசிகளின் அடிப்படை வாசகம் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒன்றேதான். தீ, விபத்து, வெள்ளம் இவற்றோடு திருட்டும் ஈடு செய்யப்படும் இழப்புகளில் ஒன்று. திருட்டு நடந்தால் உடனே போலீஸுக்குத் தகவல் தர வேண்டும், நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும். வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கைகளை எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. இந்த அடிப்படை வாசகத்தில் எங்கேயும் இரண்டு சாவிகளைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும் என்றோ, அவற்றை ஒப்படைத்தால்தான் பணம் என்றோ கிடையாது. உங்கள் பாலிசியில் அப்படி ஏதாவது கூடுதல் வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், நிறுவனம் கேட்பது அதன் உள் அலுவலகப் பட்டியலில் உள்ள ஒரு வரியை மட்டுமே. அந்தப் பட்டியலில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை.

பாலிசி விற்கும்போது இதே நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பாருங்கள். வண்டி எண், என்ஜின் எண், சேஸிஸ் எண், தயாரிப்பு ஆண்டு, பழைய பாலிசி விவரம் என்று எல்லாம் கேட்டார்கள். எத்தனை சாவி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்குகிறவர்களில் பலருக்குக் கைக்கு வருவதே ஒரு சாவிதான். அந்தப் பெயர் மாற்றத்தையும் ஏற்று, பாலிசியை மாற்றிக் கொடுத்து, பிரீமியத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கும்போது பொருட்படுத்தாத ஒன்று, கொடுக்கும்போது மட்டும் எப்படி உயிர்நாடியாகிவிடும்? இன்னொன்றும் உண்டு. சாவி தொலைந்தால் மாற்றுச் சாவிக்கும் பூட்டுக்கும் ஆகும் செலவைத் தருகிறோம் என்று, முக்கியமாகக் கார்களுக்கு, தனி ஆட்-ஆன் பாதுகாப்பைக் காப்பீட்டு நிறுவனங்களே விற்கின்றன. சாவி தொலைவது சாதாரண மனிதர்களுக்குச் சாதாரணமாக நடக்கிற ஒன்று என்பதை அந்தத் துறை நன்றாகவே அறிந்திருக்கிறது.

சரி, ஏன் கேட்கிறார்கள்? மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றையும் மரியாதையாகவே எடுத்துப் பார்க்கலாம்.

முதல் காரணம் மோசடி. வண்டியைச் சாவியோடு யாருக்காவது விற்றுவிட்டு, திருட்டுப் போனதாகச் சொல்லி இன்சூரன்ஸிலும் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சோதனை அவர்களைப் பிடிக்காது. திட்டம் போட்டு ஏமாற்றுகிறவன் முதலில் செய்யும் காரியமே இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் பத்திரமாக எடுத்து வைப்பதுதான். வாங்குகிறவனுக்கு, கடைத்தெருவில் சாவி போடுகிறவரிடம் ஒரு டூப்ளிகேட் வெட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. பிறகு இரண்டு ஒரிஜினலோடும் கம்பீரமாக அலுவலகத்துக்குள் நுழைவான். உள்ளபடியே வண்டியைப் பறிகொடுத்தவர்தான், மூன்று வருடத்துக்கு முன் பேருந்து நெரிசலில் சாவியைத் தொலைத்துவிட்டு, இன்றைக்கு எதிரே உட்கார்ந்து முழிப்பார். மோசடிக்காரனை விட்டுவிட்டு அப்பாவியைப் பிடிக்கும் ஒரு சோதனையை மோசடித் தடுப்பு என்று சொல்வதில் நியாயம் இல்லை. சந்தேகம் இருந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. கடன் தவணை பல மாதம் கட்டாமல் நிற்கிறதா, பாலிசி எடுத்த சில நாளிலேயே திருட்டா, வண்டி கடைசியாக எப்போது சர்வீஸுக்கு விடப்பட்டது, நிறுத்திய இடத்தில் இருந்த சிசிடிவி என்ன காட்டுகிறது, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள். விசாரணை என்றால் இவைதான்.

இரண்டாவது காரணம் கவனக்குறைவு. "ஒரு சாவி இல்லை என்றால் அது வண்டியிலேயே இருந்திருக்கும், அதனால்தான் திருடன் எடுத்துப் போனான்" என்ற ஊகம். டூவீலர் எப்படித் திருடு போகிறது என்று தெரிந்த எவரும் இதைச் சொல்ல மாட்டார்கள். நம் தெருவில் ஓடும் சாதாரண பைக்குகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் சாவியில் சிப் கிடையாது, இம்மொபிலைசர் கிடையாது. ஹேண்டில் பாரை ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்ட சைடு லாக், உள்ளே நிற்கும் ஒரு சின்ன உலோக ஆணிதான். வலுவாகக் காலால் உதைத்துத் திருப்பினால் அது உடைந்துவிடும். பிறகு இக்னிஷன் ஒயரைப் பிரித்து இணைத்தால் என்ஜின் உயிர் பெறும். சைடு லாக்கை உடைத்துப் பைக் திருட்டு என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும் செய்திகளில் திருடனுக்குச் சாவியே தேவைப்பட்டதில்லை. வேறு வண்டியின் தேய்ந்துபோன சாவியைப் போட்டு அசைத்துத் திறப்பதும் உண்டு. ஆகவே சாவி காணோம் என்பதிலிருந்து, சாவி வண்டியில் இருந்தது என்ற முடிவுக்குத் தாவ முடியாது. கையில் ஒரு சாவியோடு நிற்கும் உரிமையாளர், நிறுத்தியபோது அந்தச் சாவியை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார் என்பதற்கு அந்தச் சாவியே சாட்சி. விதிவிலக்கைக் காட்டி இழப்பீட்டை மறுக்கிற நிறுவனம்தான் அந்த விதிவிலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்திய விதி. ஊகம் நிரூபணம் ஆகாது.

கவனக்குறைவு வாதத்தில் ஒரு வலுவான வடிவமும் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. "சாவி தொலைந்தது தெரிந்தபின் லாக் செட்டை மாற்றியிருக்க வேண்டாமா? அதுதானே நியாயமான நடவடிக்கை?" என்று கேட்கலாம். லாக் செட் என்பது இக்னிஷன், பெட்ரோல் டேங்க் மூடி, சீட் பூட்டு எல்லாம் சேர்ந்தது. போன வாரம் அலுவலக வாசலில் வண்டி எண் எழுதிய வளையத்தோடு சாவி தொலைந்து, அதே வாசலிலிருந்து இந்த வாரம் வண்டி போயிருந்தால் நிறுவனத்தின் கேள்வியில் கனம் இருக்கிறது. ஆனால் எப்போதோ, எங்கேயோ தொலைந்த சாவி, அதற்குப் பிறகும் பல மாதம் அதே வண்டி அதே வீட்டு வாசலில் பத்திரமாக நின்றிருக்கிறது என்றால், அந்தச் சாவிக்கும் இந்தத் திருட்டுக்கும் தொடர்பு இல்லை. தொலைந்த சாவி எந்த வண்டிக்கு உரியது என்று அதைக் கண்டெடுத்தவருக்கு எப்படித் தெரியும்? தொடர்பு இருக்கிறது என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும்.

மூன்றாவது காரணம், வண்டி பின்னால் கிடைத்தால் அது நிறுவனத்துக்குச் சொந்தம், விற்க சாவி வேண்டும் என்பது. நியாயம்தான். ஆனால் இதன் விலை என்ன? சாவி இல்லாமல் மீட்கப்பட்ட பைக்குக்கு நிறுவனம் ஒரு புதிய லாக் செட் போட வேண்டியிருக்கும். திருடன் ஏற்கெனவே பூட்டை உடைத்திருந்தால் இரண்டு சாவி கைவசம் இருந்தாலும் புது லாக் செட் போட்டே ஆக வேண்டும். ஒரு லாக் செட்டின் விலைக்காக வண்டியின் முழு விலையையும் மறுப்பது நஷ்டத்துக்கும் தண்டனைக்கும் சற்றும் பொருந்தாத கணக்கு.

சட்டத்தின் பக்கம் வருவோம். 2022-ஆம் ஆண்டு குர்மேல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு லாரித் திருட்டு க்ளெய்மை எடுத்துக்கொண்டது. பதிவுச் சான்றின் சான்றளிக்கப்பட்ட நகலைத் தரவில்லை என்பதற்காக நிறுவனம் பணம் தர மறுத்திருந்தது. திருட்டுப் புகார் பதிவானதால் ஆர்.டி.ஓ. அலுவலகம் அந்த வண்டியின் விவரங்களை முடக்கி வைத்திருந்தது. உரிமையாளர் கேட்டும் நகல் கிடைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் அற்பமான, தொழில்நுட்பக் காரணங்களைச் சொல்லி க்ளெய்ம்களை மறுக்கின்றன என்று அந்தத் தீர்ப்பு கடிந்துகொண்டது. தன் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலையால் ஒருவர் தர முடியாத ஆவணத்தைக் கேட்டு அடம் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னது. வழக்கு சாவியைப் பற்றியதல்ல. ஆனால் கொள்கை அப்படியே பொருந்துகிறது. தொலைந்துபோன சாவி, தர முடியாத பொருள். அதை எத்தனை கடிதம் போட்டுக் கேட்டாலும் கிடைக்கப் போவதில்லை.

அடுத்தது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் பொதுக் காப்பீட்டுக்காக வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை. ஆவணங்கள் இல்லை என்ற காரணத்துக்காக எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. தேவையான ஆவணங்களை பாலிசி கொடுக்கும்போதே கேட்டுப் பெற வேண்டும்; இழப்பு நேர்ந்தபின், க்ளெய்மோடு நேரடித் தொடர்புள்ளவற்றை மட்டும் கேட்கலாம். க்ளெய்ம் படிவம், ஓட்டுநர் உரிமம், எஃப்.ஐ.ஆர்., கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை போன்றவற்றை அது எடுத்துக்காட்டுகளாகக் குறிப்பிடுகிறது. சாவி அதில் இல்லை. சாவி ஆவணமே அல்லவே என்று நிறுவனம் சொல்லலாம். ஆவணம் இல்லை என்றே மறுக்கக் கூடாது என்றால், ஆவணம்கூட அல்லாத ஒரு பொருள் இல்லை என்று எப்படி மறுப்பது?

இவ்வளவு இருந்தும் மக்கள் ஏன் தோற்கிறார்கள்? பதில் எழுதுவதில்தான் தோற்கிறார்கள். நான்கு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவதும் மிக மோசமானதும், டூப்ளிகேட் சாவி வெட்டி ஒரிஜினல் என்று கொடுப்பது. "எதையாவது கொடுத்துத் தொலையுங்க, சாவி எண்ணிக்கை சரியா இருந்தா போதும்" என்று அறிவுரை சொல்கிறவர்களே உண்டு. கேட்காதீர்கள். நிறுவனங்கள் சந்தேகப்பட்டால் சாவிகளைத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்புகின்றன. தயாரிப்பாளரின் சாவியில் பள்ளங்களின் விளிம்பு ஒரே சீராக இருக்கும். கடை மெஷினில் வெட்டியதில் கத்தியின் கீறல் தெரியும். எந்தச் சாவியைப் பார்த்து நகல் எடுத்தார்களோ அந்தச் சாவியின் விளிம்பிலும், மெஷினின் வழிகாட்டி ஊசி உரசிப்போன மெல்லிய கோடு இருக்கக்கூடும். மூன்று வருடம் ஓடிய வண்டியின் சாவி புத்தம் புதிதாக மின்னினால் வெறும் கண்ணுக்கே தெரியும். அதுவரை உங்களிடம் இருந்தது சாவி ஒன்று குறைந்த நேர்மையான க்ளெய்ம். டூப்ளிகேட்டைக் கொடுத்த நிமிடத்திலிருந்து அது பொய் சொல்லப்பட்ட க்ளெய்ம். அதன்பின் காப்பாற்ற யாராலும் முடியாது.

இரண்டாவது, ஊகத்தைப் பதிலாகச் சொல்வது. இன்வெஸ்டிகேட்டர் வீட்டுக்கு வருகிறார், அன்பாகத்தான் பேசுகிறார். "இன்னொரு சாவி எங்க சார்?" "தெரியலைங்க." "டிக்கிக்குள்ள இருந்திருக்குமோ?" "இருந்தாலும் இருந்திருக்கும்." இந்தக் கடைசி வார்த்தை அவர் எழுதும் வாக்குமூலத்தில் "இரண்டாவது சாவியை வண்டியிலேயே வைத்திருந்தேன்" என்று மாறிவிடும். நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். எழுதியதை முழுக்கப் படித்துவிட்டு, இடைவெளி விடாமல் இருந்தால் மட்டும் கையெழுத்திட்டு, பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மௌனம். கடிதத்துக்குப் பதில் போகவில்லை என்றால் கோப்பு, கேட்டதைத் தரவில்லை என்ற குறிப்போடு மூடப்படும். மறுப்புக் கடிதம்கூட வராது. மறுப்பு என்று ஒன்று எழுத்தில் இருந்தால் அடுத்த கட்டத்தில் எதிர்த்து வாதாடுவது எளிது.

நான்காவது, அவசரக் கையெழுத்து. "சாவி இல்லாததால் எழுபத்தைந்து சதவீதம் தருகிறோம், முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு வவுச்சர் வரும். கையெழுத்துப் போட்டபின் மீதியைக் கேட்க வேண்டுமென்றால், வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இப்போது பதில் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பைக்குக்கு பாலிசியில் குறித்த மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 60,000 ரூபாய். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் கம்பெனி வாசலில் நிறுத்திய வண்டி இல்லை. அன்றைக்கே காவல் நிலையம் போனார், முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், பிறகு எஃப்.ஐ.ஆர். பதிவானது. நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிட்டார். வாங்கும்போது வந்த இரண்டு சாவிகளில் ஒன்று, ஒரு வருடத்துக்கு முன் வீடு மாறியபோது தொலைந்தது. மற்றொன்று கையில் இருக்கிறது. அவர் இப்படி எழுதலாம்:

"ஐயா, இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கக் கேட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. என்னிடம் உள்ள ஒரே ஒரிஜினல் சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு சாவி எண்ணைக் குறிப்பிட்டு ரசீது தரவும். இரண்டாவது சாவி ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன், வீடு மாற்றியபோது தொலைந்துவிட்டது. சரியான தேதி எனக்கு நினைவில்லை. அதன்பின் இந்த ஒரு சாவியை மட்டும் வைத்தே வண்டியை ஓட்டினேன். எந்தத் தொந்தரவும் நேரவில்லை. இதற்கு என் உறுதிமொழிப் பத்திரத்தையும், வீட்டு வாடகை ஒப்பந்த நகலையும் இணைத்துள்ளேன். திருட்டு நடந்த இரவு சைடு லாக் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன், எஃப்.ஐ.ஆரிலும் இதையே கூறியுள்ளேன். இரண்டாவது சாவி இல்லாததால் இழப்பீடு மறுக்கப்படும் என்றால், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்று வாசகத்தோடு எழுத்தில் தெரிவிக்கவும். இன்வெஸ்டிகேட்டர் அறிக்கையின் நகலையும் தரவும். ஆவணம் இல்லாத காரணத்துக்காக க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்ற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 ஜூன் முதன்மைச் சுற்றறிக்கையையும், தர முடியாததைக் கேட்டு மறுக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2022 குர்மேல் சிங் தீர்ப்பையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வண்டி பின்னால் மீட்கப்பட்டால் உங்களிடம் ஒப்படைக்கவும், உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்திடவும் சம்மதிக்கிறேன்."

இந்தக் கடிதத்தில் கெஞ்சல் இல்லை, சண்டையும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. இருக்கும் சாவியை ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்பதால், அதையும் தரவில்லை என்று பின்னால் சொல்ல முடியாது. புது வண்டியோடு வரும் சாவிக்கொத்தில் எண் பொறித்த சின்னத் தகடு இருந்தால் அதையும் படம் எடுத்து இணைக்கலாம். கொடுக்கும் சாவி ஒரிஜினல்தான் என்பதற்கு அது துணை. தேதி நினைவில்லை என்று ஒப்புக்கொள்வது பலவீனம் அல்ல. ஒரு வருடத்துக்கு முன் தொலைந்த சாவிக்கு யாரும் தேதி குறித்து வைப்பதில்லை. துல்லியமாக ஒரு தேதியைப் புனைந்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள். எந்த நிபந்தனை என்று கேட்கும் வரிதான் கடிதத்தின் முதுகெலும்பு. அதற்கு நிறுவனத்திடம் வாசகம் இருந்தால் காட்டட்டும். இல்லையென்றால், அவர்கள் எழுதும் பதிலே நாளை உங்கள் பக்கத்துச் சான்றாகிவிடும். கடைசி வரி மூன்றாவது காரணத்துக்கான பதில். கடனில் வாங்கிய வண்டி என்றால் இரண்டாவது சாவி கடன் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்; சில நிறுவனங்கள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது உண்டு.

எழுபத்தைந்து சதவீதப் பேச்சு எப்போது பொருந்தும்? சாவியை உண்மையிலேயே வண்டியில் விட்டுவிட்டுப் போனவருக்கு. 2023-இல் அசோக் குமார் வழக்கில், முகவரி விசாரிக்க இறங்கிய லாரி ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார். அந்த நிலையிலும் க்ளெய்ம் முழுவதையும் மறுக்க உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை; நான்-ஸ்டாண்டர்ட் அடிப்படையில், அதாவது எழுபத்தைந்து சதவீதம் தரச் சொன்னது. இதில் இரண்டு பாடம் இருக்கிறது. சாவியை விட்டது உண்மையென்றால் மறைக்காதீர்கள்; எல்லாம் போய்விடாது. சாவியை விடவில்லையென்றால், விட்டவருக்குக் கிடைக்கும் தொகையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நம் திருப்பூர் டெய்லருக்கு இந்த வித்தியாசம் 15,000 ரூபாய். சாவியை இக்னிஷனில் விட்டவருக்கே 45,000 உண்டு என்றால், சாவியை எடுத்துக்கொண்டு போனவருக்கு ஒன்றுமே இல்லை என்பது எந்தக் கணக்கிலும் நிற்காது. இரண்டாவது சாவியை சீட்டுக்கு அடியில் டிக்கியில் வைத்திருந்தவர்களும் இந்தக் குழப்பத்தில் சிக்குகிறார்கள். பூட்டிய டிக்கிக்குள் இருந்த சாவி திருடனின் கண்ணுக்குத் தெரியாது. பூட்டை உடைத்தவனுக்கு அதன் பிறகு அது தேவையும் இல்லை. நல்ல பழக்கம் அல்ல, ஆனால் இக்னிஷனில் தொங்கிய சாவியோடு அதைச் சமமாக வைக்க முடியாது. இதையும் உள்ளபடி சொல்லி, வித்தியாசத்தை வாதாட வேண்டும்.

கடிதத்துக்குப் பிறகும் மறுத்தால் வழி நீளமானதல்ல. முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, அங்கே வக்கீலுக்கு இடமும் இல்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அல்லது நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருடக் கெடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது ஓம்பட்ஸ்மேன் அதே புகாரை எடுக்க மாட்டார் என்பதால், எங்கே முதலில் போவது என்று யோசித்துப் போங்கள். ஒவ்வொரு ஆணையமும் ஒரே மாதிரித் தீர்ப்பளிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சாவி விஷயத்தில் உரிமையாளரின் கதை முன்னுக்குப் பின் முரணாக இருந்ததால் தோற்ற வழக்குகளும் உண்டு. அதனால்தான் எஃப்.ஐ.ஆர்., இன்வெஸ்டிகேட்டர் வாக்குமூலம், பதில் கடிதம் மூன்றும் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

டூவீலர் என்பது இந்த மாநிலத்தில் வேலைக்குப் போகிறவரின் கால். அது போனால் மறுநாள் காலை ஷிப்டுக்கு எப்படிப் போவது என்பதே பிரச்சினையாகிவிடுகிறது. வருடா வருடம் பிரீமியம் கட்டியவர் வாங்கியது திருட்டுக்கான பாதுகாப்பு. ஜோடிச் சாவிகளைக் காத்து வைப்பதற்கான பரிசு அல்ல. இரண்டு சாவி கேட்டு வரும் கடிதம் க்ளெய்மின் முடிவு என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். அது ஒரு கேள்வி. இருக்கும் சாவியைக் கொடுத்து, இல்லாததற்கு உண்மையைச் சொல்லி, எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இனி அவர்களுடையது.